18 ஸ்லைடுகளை நான்கு பக்க முன்மொழிவாக எழுதுவது எப்படி?

கோவை_காற்று (செவ்வாய், இரவு 9.40)

வணக்கம். ஸ்க்ரூ கம்ப்ரசர் விற்கும் நிறுவனத்தில் இருக்கிறேன். சென்ற வாரம் ஒரு நூற்பாலையில் பிரசன்டேஷன் காட்டினேன். 18 ஸ்லைடுகள். முதலாளியின் மகனுக்கு மிகவும் பிடித்துப்போனது. கிளம்பும்போது, "அப்பா திரையில் ஓடுவதைப் பார்க்க மாட்டார். அவர் படிப்பது போலத் தமிழிலேயே நான்கு பக்கம் எழுதிக் கொடுங்கள். முடிவு அவர் கையில்தான்" என்றார்.

இரண்டு இரவு உட்கார்ந்து எழுதிவிட்டேன். ஒவ்வொரு ஸ்லைடும் ஒரு பத்தி. புள்ளி வைத்த வரிகளுக்கு எல்லாம் வினைமுற்று சேர்த்து வாக்கியமாக்கினேன். படித்துப் பார்த்தால் உயிரே இல்லை. ஒரு பத்தியை இங்கே போடுகிறேன்:

"எங்கள் வேகம் மாறும் கம்ப்ரசர் 35% வரை மின்சாரத்தைச் சேமிக்கிறது. மேலும் இது குறைந்த ஓசையுடன் இயங்குகிறது. மேலும் இதன் பராமரிப்புச் செலவு குறைவு. மேலும் 24 மணி நேரமும் எங்கள் சேவைக் குழு தயாராக உள்ளது."

அறையில் இதையே பேசியபோது எல்லோரும் தலையாட்டினார்கள். காகிதத்தில் ஏன் செத்துக் கிடக்கிறது?

விற்பனைப்புலி (செவ்வாய், இரவு 10.05)

தம்பி, சேமிப்பைப் பணமாகச் சொல்லுங்கள். "35%" என்றால் பெரியவருக்கு என்ன புரியும்? ஆண்டுக்கு இத்தனை லட்சம் என்று முதல் வரியிலேயே பெரிய எழுத்தில் போடுங்கள். மீதியை யாரும் படிக்கப் போவதில்லை. நான் இருபது வருடமாக இப்படித்தான் விற்கிறேன்.

பழைய பேனா (செவ்வாய், இரவு 10.50)

உங்கள் பத்தியில் மூன்று "மேலும்" இருக்கிறது. நோய் அங்கேதான்.

ஸ்லைடில் இரண்டு வரிகளுக்கு நடுவே இருக்கும் உறவை நீங்கள் வாயால் சொன்னீர்கள். "இப்படி இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு கரண்ட் போகிறது" என்று கையை ஆட்டிப் பேசியிருப்பீர்கள். அந்த "அதனால்தான்" ஸ்லைடில் எழுதப்படவே இல்லை. நீங்கள் ஸ்லைடை மட்டும் பார்த்து எழுதியதால் அது காகிதத்துக்கு வரவில்லை. "மேலும்" வந்து அந்த இடத்தை அடைத்துக்கொண்டது.

நான் செய்வது இது. ஸ்லைடு அட்டைகளை அச்சடித்து மேசையில் வரிசையாக வைப்பேன். ஒவ்வொரு இரண்டு அட்டைக்கும் நடுவே ஒரு சொல் எழுதப் பார்ப்பேன்: ஆனால், ஆகையால், ஏனென்றால், அப்படியென்றால். இவற்றில் ஒன்றும் பொருந்தாமல் "மேலும்" மட்டும்தான் பொருந்துகிறது என்றால், அந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கக் கூடாது, அல்லது ஒன்று தேவையே இல்லை. உங்கள் 18 அட்டையில் எத்தனை தேறுகிறது என்று பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள். வரிசையையும் எழுதுங்கள்.

ஒப்பந்தப்புள்ளி (புதன், காலை 7.15)

முன்மொழிவு என்றால் தொழில்நுட்ப உறையும் விலை உறையும் தனித்தனியாக இருக்க வேண்டும். தொழில்நுட்ப உறைக்குள் விலை எங்காவது தெரிந்துவிட்டால் நிராகரித்துவிடுவார்கள். எனக்கே ஒருமுறை இணைப்பில் பழைய விலைப்பட்டியல் ஒட்டிக்கொண்டு போய், திறந்த அன்றே வெளியே தள்ளிவிட்டார்கள். அதனால் சேமிப்பு லட்சக் கணக்கு எல்லாம் எழுத வேண்டாம். அவர்கள் கேட்ட படிவத்தின் வரிசையிலேயே பதில் எழுதுங்கள், வரிசையை மாற்றாதீர்கள்.

பழைய பேனா (புதன், காலை 8.30)

ஒப்பந்தப்புள்ளி ஐயா, நீங்கள் சொல்வது அரசு டெண்டருக்குச் சரி. அங்கே வாங்குபவர் வரிசையைக் கொடுத்துவிடுவார். இங்கே தனியார் ஆலை, படிவமே கிடையாது, வரிசையை நாம்தான் உண்டாக்க வேண்டும். இங்கே விலையை மறைத்தால் பெரியவர் நான்காம் பக்கத்தை முதலில் திருப்பிப் பார்ப்பார்.

கோவை_காற்று (புதன், மதியம் 1.20)

பழைய பேனா அக்கா சொன்னபடி செய்தேன். என் வரிசை: நிறுவன வரலாறு, தொழிற்சாலைப் படங்கள், வாடிக்கையாளர் சின்னங்கள், விருதுகள், தயாரிப்பு வகைகள், வேகம் மாறும் தொழில்நுட்பம், 35% வரைபடம், ஓசை, சேவை மையங்கள், பதினைந்தாவது ஸ்லைடில் ஆலையில் நாங்கள் அளந்த கணக்கு, பிறகு விலை, நன்றி. சிலது இரண்டு மூன்று ஸ்லைடுகள்.

"ஆகையால்" பொருந்திய இடம் ஒன்றே ஒன்று. அளந்த கணக்குக்கும் விலைக்கும் நடுவே. மீதி எல்லாம் "மேலும்"தான். கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

மின்கணக்கர் (புதன், மதியம் 2.45)

அளந்த கணக்கு என்று ஒன்று இருக்கிறதா? அதைப் பதினைந்தாவது ஸ்லைடில் ஒளித்து வைத்திருக்கிறீர்களே! நான் ஆலைகளில் மின்சாரத் தணிக்கை செய்கிறவன். எண்களைப் போடுங்கள்.

கோவை_காற்று (புதன், மாலை 6.10)

இப்போது அவர்களிடம் இருப்பது 75 கிலோவாட், ஒரே வேகத்தில் ஓடும் ஸ்க்ரூ கம்ப்ரசர். ஒரு வாரம் மீட்டர் மாட்டினோம். வாரத்தில் 160 மணி நேரம் ஓடுகிறது. அதில் 96 மணி நேரம் லோடு, அதாவது காற்று தருகிறது. 64 மணி நேரம் அன்லோடு, காற்று தராமல் சும்மா சுற்றுகிறது. லோடில் 80 கிலோவாட் இழுக்கிறது, அன்லோடில் 28. ஆண்டுக்கு 50 வாரம் என்று வைத்தேன். யூனிட் சராசரியாக 8 ரூபாய் விழுகிறது என்று அவர்கள் கணக்கர் சொன்னார். புது மெஷின் வரி இல்லாமல் 19 லட்சம்.

விற்பனைப்புலி (புதன், மாலை 6.40)

வந்துவிட்டது பாருங்கள் முதல் வரி! 64 மணி நேரம், 28 கிலோவாட், 50 வாரம். 89,600 யூனிட். எட்டு ரூபாய் என்றால் 7 லட்சத்து 16 ஆயிரத்து 800. "எங்கள் மெஷினை வாங்கினால் ஆண்டுக்கு 7 லட்சம் மிச்சம்." இரண்டே முக்கால் வருடத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். முடிந்தது கதை.

மின்கணக்கர் (புதன், இரவு 8.55)

புலி அண்ணா, பாதி சரி. அந்த 7 லட்சம் வீணாவது உண்மை. ஆனால் அது முழுவதும் மிச்சமாகாது. இந்த இரண்டையும் ஒன்றாக்கினால் ஆறாவது மாதம் பெரியவர் மின் கட்டண ரசீதை எடுத்துக்கொண்டு உட்காருவார்.

இப்போது ஆண்டுக்கு என்ன செலவாகிறது? லோடில் வாரத்துக்கு 7,680 யூனிட், அன்லோடில் 1,792. கூட்டினால் 9,472. ஐம்பது வாரத்துக்கு 4,73,600 யூனிட். வேகம் மாறும் மெஷின் அதே காற்றைக் கொடுக்க என்ன எடுக்கும்? 160இல் 96 மணி நேரம் லோடு என்பதால் தேவை சராசரியாக 60%. 80இல் 60% என்றால் 48 கிலோவாட். ஆனால் வேகத்தை மாற்றும் டிரைவுக்கு என்று ஓர் இழப்பு உண்டு, குறைந்த வேகத்தில் திறனும் சற்று இறங்கும். அதனால் 52 என்று வைப்பேன். உங்கள் மெஷினின் செயல்திறன் அட்டவணையைப் பார்த்து அந்த எண்ணைத் திருத்திக்கொள்ளுங்கள். 52ஐ 8,000 மணி நேரத்தால் பெருக்கினால் 4,16,000. மிச்சம் 57,600 யூனிட், அதாவது 4 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய். சதவீதமாக 12 சொச்சம்.

உங்கள் ஸ்லைடில் 35% இருக்கிறது. அது பொய் என்று சொல்ல வரவில்லை. பாதி நேரத்துக்கு மேல் அன்லோடில் கிடக்கும் மெஷினில், அழுத்தத்தையும் குறைக்க முடிந்தால், அதற்குப் பக்கத்தில் போகலாம். இந்த ஆலை அப்படிப்பட்டதில்லை. அறையில் "வரை" என்ற சொல் காற்றோடு போய்விடும். காகிதத்தில் அது அப்படியே நிற்கும், பெரியவர் அதன் கீழ் பேனாவால் கோடு போடுவார்.

இன்னொன்று. அழுத்தம் எவ்வளவு வைத்திருக்கிறார்கள்?

கோவை_காற்று (புதன், இரவு 9.20)

7.5 பார். மாறி மாறி லோடாவதால் ஏறி இறங்குகிறது, அதற்காகவே கூட வைத்திருக்கிறார்கள். 6.8 போதும் என்று பராமரிப்பு மேலாளர் சொன்னார்.

மின்கணக்கர் (புதன், இரவு 9.50)

அப்படியென்றால் அதுவும் கணக்குதான். ஒரு பார் குறைத்தால் ஏறத்தாழ 6 முதல் 7% மின்சாரம் குறையும் என்பது எங்கள் தொழிலில் புழங்கும் அளவு. 0.7 பாருக்கு 4% என்று அடக்கமாக வையுங்கள். 4,16,000இல் 4% என்றால் 16,640 யூனிட், 1 லட்சத்து 33 ஆயிரம். இரண்டும் சேர்ந்தால் 5 லட்சத்து 94 ஆயிரம். 19 லட்சம் மூன்று வருடம் இரண்டு மாதத்தில் திரும்பும். அழுத்தத்தைக் குறைக்க முடியாமல் போனால் நான்கு வருடத்துக்குச் சற்று மேல். இரண்டையும் எழுதுங்கள். ஒன்றை மட்டும் எழுதுகிறவனை நான் நம்புவதில்லை.

விற்பனைப்புலி (புதன், இரவு 10.15)

நான்கு வருடம் என்று நீங்களே எழுதிக் கொடுத்தால் போட்டிக்காரன் 35% என்று எழுதி ஆர்டரைத் தட்டிக்கொண்டு போவான். அப்புறம் உண்மையை வைத்து என்ன செய்வது?

பழைய பேனா (வியாழன், காலை 6.30)

போட்டிக்காரர் வருவார் என்று தெரிந்தால் அதையும் எழுத்தில் சமாளிக்கலாம். "யார் எந்தச் சதவீதம் சொன்னாலும், உங்கள் மெஷினின் அன்லோடு நேரத்தை எத்தனை என்று எடுத்துக்கொண்டார்கள் என்று கேளுங்கள். உங்கள் ஆலையில் அது வாரத்துக்கு 64 மணி நேரம்." இந்த இரண்டு வரி போதும். மீட்டர் மாட்டாதவரால் பதில் சொல்ல முடியாது. யாரையும் திட்டாமல் வேலை முடிந்தது.

இப்போது வரிசை. உங்கள் பதினைந்தாவது ஸ்லைடு முதல் பத்தி. அவருடைய ஆலையில் இருந்து தொடங்கி உங்கள் கம்பெனியில் முடிக்க வேண்டும், நீங்கள் தலைகீழாக வந்திருக்கிறீர்கள். பிரசன்டேஷனுக்கு அது சரி. அங்கே "இவன் யார்" என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்ல வேண்டியிருந்தது. நான்கு பக்கத்தைக் கையில் எடுக்கிறவருக்கு நீங்கள் யார் என்று மகன் சொல்லியிருப்பார்.

முதல் பத்தியை நான் எழுதினால் இப்படி வரும்:

"உங்கள் ஆலையின் கம்ப்ரசர் வாரத்துக்கு 160 மணி நேரம் ஓடுகிறது. அதில் 64 மணி நேரம் அது காற்று எதுவும் தருவதில்லை. ஆனால் அப்போதும் 28 கிலோவாட் இழுத்துக்கொண்டே இருக்கிறது. ஒரு வாரம் மீட்டர் பொருத்தி நாங்கள் கண்டது இது. ஆண்டுக்குக் கணக்கிட்டால் 89,600 யூனிட், இன்றைய விலையில் 7 லட்சம் ரூபாய்க்குச் சற்று மேல், காற்று இல்லாத ஓட்டத்துக்குச் செலவாகிறது. இதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை மீட்க முடியும். முழுவதையும் மீட்க முடியாதது ஏன் என்பதையும் அடுத்த பக்கத்தில் எழுதியிருக்கிறோம்."

4.6ஐ 7.17ஆல் வகுத்தால் 64%தான். மூன்றில் இரண்டு என்பதில் இலேசாகத் தூக்கல் இருக்கிறது, அதனால்தான் "ஏறத்தாழ". மின்கணக்கர் முறைத்தால் "நூற்றுக்கு 64" என்றே போட்டுவிடுங்கள்.

இந்தப் பத்தியில் "ஆனால்" எங்கே விழுகிறது என்று பாருங்கள். காற்று தருவதில்லை, ஆனால் கரண்ட் போகிறது. படிக்கிறவருக்கு வயிறு எரிய வேண்டிய இடம் அது. உங்கள் கம்ப்ரசரின் பெயர் இன்னும் வரவே இல்லை என்பதையும் பாருங்கள்.

இரண்டாவது பத்தி "ஏன் இப்படி ஓடுகிறது" என்பது. மூன்றாவது "வேறு எப்படி ஓடலாம்". அங்கேதான் உங்கள் தொழில்நுட்ப ஸ்லைடு நுழையும், நான்கு வாக்கியத்துக்கு மேல் வேண்டாம். பிறகு மிச்சம், அது எந்த எண்களை நம்பி நிற்கிறது என்பது, விலை. சேவை மையம் அதற்கு அப்புறம், அதுவும் "மெஷின் நின்றால் என்ன ஆகும்" என்ற அவருடைய பயத்துக்குப் பதிலாக. வரைபடத்தைத் தூக்கி எறியாதீர்கள், மீட்டர் கொடுத்த ஒரு நாள் வரைபடத்தை மட்டும் போட்டு, அதற்குக் கீழே "மேட்டில் காற்று, பள்ளத்தில் வீண்" என்பது போல் ஒரு வரி எழுதுங்கள். விருது, தொழிற்சாலைப் படம் இரண்டையும் விட்டுவிடுங்கள். வாடிக்கையாளர் சின்னங்களில் நூற்பாலை எது இருக்கிறதோ அதை மட்டும் ஒரு வாக்கியத்தில் சொல்லலாம், அவர்கள் அனுமதி கொடுத்திருந்தால்.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தை மட்டும் தனித்தாளில் பெயர்த்து எழுதிப் படியுங்கள். அதுவே ஒரு சின்னக் கடிதம் போல ஓட வேண்டும். எங்கே தடுக்குகிறதோ அங்கே ஒரு பத்தி குறைகிறது அல்லது இடம் மாறியிருக்கிறது.

ரிங்ஃப்ரேம் (வியாழன், காலை 11.00)

நான் வாங்குகிற பக்கத்தில் இருப்பவன். ஆலைப் பராமரிப்பில் முப்பது வருடம். இந்த டிரைவ் வைத்த மெஷினை எங்கள் ஆலையில் வாங்கினார்கள். முதல் கோடையிலேயே டிரைவ் பலகையின் வடிகட்டியில் பஞ்சு அடைத்து, சூடேறி நின்றுவிட்டது. நூல் சுற்றும் ஆட்டோகோனர் எல்லாம் காற்றில்லாமல் நின்றன. விற்றவர் காட்டிய ஸ்லைடிலோ கொடுத்த தாளிலோ பஞ்சைப் பற்றி ஒரு சொல் கிடையாது. எனக்கு மூன்று பக்கம் சேமிப்பு வேண்டாம். வடிகட்டியை எத்தனை நாளைக்கு ஒருமுறை துடைக்க வேண்டும், கம்ப்ரசர் அறைக்குக் காற்று எந்தப் பக்கமிருந்து வர வேண்டும், நின்றால் மாற்று என்ன என்று அரைப் பக்கம் எழுதுகிறவனிடம் வாங்குவேன்.

கோவை_காற்று (வியாழன், மதியம் 12.30)

ஐயா, இது என் ஸ்லைடில் இல்லை. ஆனால் பிரசன்டேஷன் முடிந்ததும் அவர்களுடைய பராமரிப்பு மேலாளர் இதையேதான் கேட்டார். "வாரம் ஒருமுறை துடையுங்கள், பழைய மெஷினை மாற்றாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று வாயால் சொன்னேன்.

பழைய பேனா (வியாழன், மதியம் 1.05)

அவர் கேட்டதும் நீங்கள் சொன்னதும்தான் முன்மொழிவின் பாதி. அறையில் எழுந்த கேள்விகள் எல்லாம் நினைவிருக்கும்போதே எழுதிவையுங்கள். ஒவ்வொன்றும் ஒரு பத்தி. காகிதத்தைப் படிக்கிறவருக்கு எதிரே நீங்கள் உட்கார்ந்திருக்கப் போவதில்லை. அதனால் அவர் கேட்பதற்கு முன்பே, அவர் கேட்கும் இடத்திலேயே பதில் இருக்க வேண்டும். பஞ்சு விஷயம் மிச்சக் கணக்குக்கு அடுத்து வரட்டும். "இந்த மிச்சம் நிலைக்க வேண்டுமானால் ஒரு வேலை உங்கள் பக்கமும் இருக்கிறது" என்று தொடங்கலாம்.

விற்பனைப்புலி (வியாழன், மதியம் 1.40)

குறையை நாமே எழுதிக் கொடுப்பதா? பஞ்சைப் பற்றி ரிங்ஃப்ரேம் கேட்கலாம், பெரியவர் கேட்க மாட்டார். இல்லாத பயத்தை ஏன் ஊட்ட வேண்டும்? கேட்டால் நேரில் சொல்லிக்கொள்ளலாம்.

ரிங்ஃப்ரேம் (வியாழன், மதியம் 1.55)

பெரியவர் அந்தத் தாளை என்னைப் போன்ற ஒருவனிடம் கொடுத்து "என்ன சொல்கிறாய்" என்று கேட்பார் என்பதை மறந்துவிட்டீர்கள்.

மின்கணக்கர் (வியாழன், மாலை 5.30)

இதைவிடக் கடினமான ஒன்றைக் கேட்கிறேன். கசிவை அளந்தீர்களா? வார விடுமுறையில் எல்லா மெஷினும் நின்றிருக்கும்போது கம்ப்ரசரை மட்டும் ஓட்டிப் பாருங்கள். காற்றை யாரும் எடுக்கவில்லை, ஆனாலும் அழுத்தம் இறங்கி அது லோடாகும். லோடு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அன்லோடு நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 2 நிமிடம் லோடு, 8 நிமிடம் அன்லோடு என்றால் பத்தில் இரண்டு, மெஷின் தரக்கூடிய காற்றில் 20% ஓட்டைகளில் போகிறது. ஒரே சுற்றை நம்பாமல் நான்கைந்து சுற்று பாருங்கள்.

அதைப் பாதியாக்கினால் தேவை 60இலிருந்து 50க்கு இறங்கும். உச்சத் தேவையும் இறங்கினால் 75 தேவையில்லை, 55 கிலோவாட் மெஷினே போதும் என்று வரலாம். அது 19 லட்சத்துக்குக் கீழே. இதை உங்கள் முன்மொழிவில் எழுதுவீர்களா?

கோவை_காற்று (வியாழன், இரவு 10.10)

இதற்கு என் மேலாளர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும்.

விற்பனைப்புலி (வியாழன், இரவு 10.20)

சரியாகத்தான் சொல்வார். கசிவை அடைப்பது உங்கள் வேலை இல்லை.

மின்கணக்கர் (வியாழன், இரவு 10.45)

அவர் வேலை இல்லைதான். ஆனால் வாங்கிய பிறகு நான் தணிக்கைக்குப் போய், மெஷின் பாதி வேகத்துக்குக் கீழேயே ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்தால், "யார் இவ்வளவு பெரிதாகக் கொடுத்தது" என்ற கேள்வி வரும். அப்போது இந்த நான்கு பக்கமும் மேசை மேல் இருக்கும்.

பழைய பேனா (வெள்ளி, காலை 7.00)

இதில் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். எழுத்து வேலை மட்டும் சொல்கிறேன். "இந்தக் கணக்கு இப்போதைய காற்றுத் தேவையை வைத்துப் போட்டது. கசிவை அடைத்தால் தேவை குறையும், அப்போது மெஷினின் அளவை மறுபடி பார்க்க வேண்டும்" என்று ஒரு வரி எழுதாமல் விலையை எழுதினால், மேலே கட்டிய எல்லா "ஆகையால்"களும் ஒரு பலகை குறைந்த ஏணியில் நிற்கின்றன. அந்த வரியைப் போட்டு 75க்கே விலை கொடுக்கலாம். இரண்டு அளவுக்கும் விலை கொடுக்கலாம். அது உங்கள் நிறுவனத்தின் பாடு.

கோவை_காற்று (திங்கள், இரவு 8.30)

ஞாயிற்றுக்கிழமை போய் அளந்தேன். ஐந்து சுற்று. சராசரி 2 நிமிடம் 10 விநாடி லோடு, 7 நிமிடம் 50 விநாடி அன்லோடு. ஏறத்தாழ 22%. மேலாளரிடம் கொஞ்சம் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் கசிவைப் பற்றி அக்கா சொன்ன வரி நின்றது, 55 கிலோவாட் விலை நிற்கவில்லை. "கேட்டால் கொடுக்கலாம்" என்றார்.

தாள் மூன்றரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. 18 ஸ்லைடில் ஏழு மட்டுமே ஏதோ ஒரு வடிவில் உள்ளே இருக்கின்றன. முதல் வாக்கியங்களை மட்டும் பெயர்த்து எழுதிப் படித்தபோது விலைக்கும் சேவைக்கும் நடுவே தடுக்கியது. பழைய மெஷினை மாற்றாக வைப்பதைப் பற்றி அங்கே ஒரு பத்தி சேர்த்ததும் சரியானது. "மேலும்" ஓரிடத்தில் மட்டும் இருக்கிறது, ஓசையைப் பற்றிய வரியில். அதை விட மனம் வரவில்லை.

இன்று மாலை கொண்டுபோய்க் கொடுத்தேன். பெரியவர் என் முன்னாலேயே கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாகப் படித்தார். இரண்டு இடத்தில் பேனாவால் கோடு போட்டார். ஒன்று 64 மணி நேரம். மற்றது கசிவு வரி. "22 என்றால் முதலில் இதைத்தானே அடைக்க வேண்டும்? அடைத்த பிறகு சின்ன மெஷின் என்ன விலை?" என்றார். நாளை சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

விற்பனைப்புலி (திங்கள், இரவு 8.45)

சொன்னேனா இல்லையா?

மின்கணக்கர் (திங்கள், இரவு 9.00)

55க்கு விலை போடுவதற்கு முன் மீட்டர் பதிவில் உச்சத் தேவை எந்த நேரத்தில் வந்தது, எத்தனை நிமிடம் நின்றது என்று பாருங்கள். சராசரியை வைத்து மெஷினைச் சிறிதாக்கிவிடாதீர்கள்.